சார்ட்டிங் விஷுவலைசர் எழுதப் போகிறீர்களா? ஸ்லீப், ஜெனரேட்டர், பதிவேடு – மூன்றில் எது?

"அண்ணாச்சி, மினி ப்ராஜெக்டுக்கு சார்ட்டிங் விஷுவலைசர்னு தலைப்பு கொடுத்துட்டேன். ஒரு வீடியோல `sleep` போட்டு எழுதுறாங்க, இன்னொண்ணுல `yield`ங்காங்க. எதைப் பிடிக்க?" செமஸ்டர் முடியப் போகிற நேரத்தில் பாளையங்கோட்டை, நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எண்களைப் பட்டைகளாக வரைந்து, அவை வரிசைக்கு வருவதைப் படிப்படியாகக் காட்டுவதுதான் சார்ட்டிங் விஷுவலைசர். முதலில் ஒன்று. பபிள் சார்ட் எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் புரிந்துகொள்வது மட்டும்தான் நோக்கம் என்றால் நீங்கள் எதையும் எழுத வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹாலிம் 2011-ல் தொடங்கிய விஷுஆல்கோ தளத்தைத் திறந்து பாருங்கள், வேலை முடிந்தது. இந்தக் கட்டுரை சொந்தமாக எழுத வேண்டியவர்களுக்கு, அதிலும் திரையின் ஓரத்தில் "ஒப்பீடுகள்: இத்தனை, இடமாற்றங்கள்: இத்தனை" என்று எண்ணிக் காட்ட வேண்டியவர்களுக்கு. பட்டைகளை வரைவது ஒரு சாயங்கால வேலை. அந்த எண்ணைச் சரியாகக் காட்டுவதில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். திரையில் வரும் எண்ணிக்கையை நம்பலாமா என்பது முதலாவது, அதுதான் முக்கியமும். அடுத்து, நடுவில் நிறுத்தவும் ஒரு படி பின்னால் போகவும் முடியுமா. புதிதாகப் படிப்பவருக்கு "இப்போ என்ன நடந்தது, திரும்பக் காட்டு" என்பதுதான் எப்போதும் தேவைப்படும். மூன்றாவது, நிரலைப் பார்த்தால் பாடப்புத்தகத்து அல்காரிதம் அடையாளம் தெரிகிறதா, இல்லை அனிமேஷன் வரிகளுக்குள் அது தொலைந்துபோகிறதா. நான்காவது, லேபில் இருக்கும் பழைய கணினியில் மூச்சு வாங்காமல் ஓடுமா.

வேகமும் அழகும் இந்தப் பட்டியலில் இல்லை. வண்ணத்தைக் கடைசி நாளில்கூட மாற்றிக்கொள்ளலாம்.

## அதற்கு முன்னால்: ஒரு படி என்றால் என்ன?

5, 2, 4, 1, 3 என்ற ஐந்து எண்களை எடுத்துக்கொள்வோம். சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்க வேண்டும். கையால் செய்து பார்த்தால் இப்படி வரும்.

பபிள் சார்ட்டில் முதல் சுற்றில் 5 வரிசையாக எல்லாரையும் தாண்டிக் கடைசிக்குப் போகிறது: 4 ஒப்பீடு, 4 இடமாற்றம். இப்போது 2, 4, 1, 3, 5. இரண்டாம் சுற்றில் 3 ஒப்பீடு, 2 இடமாற்றம். வரிசை 2, 1, 3, 4, 5 ஆகிறது. மூன்றாவதில் 2 ஒப்பீடு, 1 இடமாற்றம். நான்காவதில் 1 ஒப்பீடு மட்டும், மாற்ற எதுவும் இல்லை. மொத்தம் 10 ஒப்பீடு, 7 இடமாற்றம்.

செலக்ஷன் சார்ட்டில் 4, 3, 2, 1 என்று அதே 10 ஒப்பீடுதான், ஆனால் இடமாற்றம் வெறும் 3.

இன்செர்ஷன் சார்ட்டில் 2-ஐ இடம் சேர்க்க 1 ஒப்பீடு, 4-க்கு 2, 1-க்கு 3, கடைசி 3-க்கு 3. மொத்தம் 9 ஒப்பீடு. இடமாற்றம் 7, பபிளில் வந்த அதே 7. இது தற்செயல் இல்லை. இந்த வரிசையில் பெரியது முன்னாலும் சிறியது பின்னாலும் நிற்கிற ஜோடிகள் சரியாக 7 இருக்கின்றன, பக்கத்துப் பக்கத்து எண்களை மாற்றும்போது ஒரு இடமாற்றத்துக்கு ஒரு ஜோடிதான் சரியாகும். ஆகவே இரண்டு முறைகளிலும் இடமாற்றங்கள் வேறு வேறாக வந்தால் உங்கள் நிரலில் எங்கோ பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இனி வழுக்கும் இடம். இன்செர்ஷன் சார்ட்டைப் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

```js
while (j > 0 && a[j - 1] > a[j]) {
  comps++;
  swap(a, j - 1, j);
  j--;
}
```

பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் ஐந்து எண்களுக்கு இது 9 என்று காட்டாது, 7 என்று காட்டும். 4-ஐ 2-உடன் ஒப்பிட்டு "சரி, இங்கேயே நில்" என்று முடிவு செய்தோமே, அந்தத் தோற்றுப்போன ஒப்பீடு `while` வரியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது, உள்ளே நுழைவதே இல்லை, அதனால் எண்ணப்படுவதும் இல்லை. கடைசி 3-ஐ 2-உடன் ஒப்பிட்டதும் அப்படியே. இரண்டு போயிற்று.

சிலர் இதைக் கண்டுபிடித்து, `while` முடிந்ததும் கீழே இன்னொரு `comps++` சேர்ப்பார்கள். இப்போது 11 வரும். ஏனென்றால் 2-ம் 1-ம் இடப்பக்க ஓரம்வரை போய் `j > 0` என்பதால் நின்றவை. அங்கே எண்களை யாரும் ஒப்பிடவில்லை, ஆனாலும் ஒவ்வொன்று கூடிவிட்டது. 7, 11 என்று இரண்டு பக்கமும் ஆடி 9-ஐத் தவறவிடுகிற இந்தப் பிழையைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, பட்டைகள் எப்போதும்போல் அழகாக வரிசைக்கு வந்துவிடும்.

செலக்ஷன் சார்ட்டிலும் ஒரு குழி இருக்கிறது. மிகச்சிறியது ஏற்கெனவே தன் இடத்திலேயே இருந்தால் அதை அதனோடேயே மாற்றுவதை எண்ணுவதா, விடுவதா? நம் உதாரணத்தில் இரண்டாம் சுற்றில் அது நடக்கிறது. எண்ணினால் 4, விட்டால் 3. எதைச் செய்தாலும் தப்பில்லை, ஆனால் எதைச் செய்கிறீர்கள் என்று திரையில் எழுதிவிடுங்கள். வைவாவில் கேட்பார்கள்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்ப்போம். எல்லாமே பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டை வைத்துச் சொல்கிறேன். பைத்தானிலும் இதே மூன்று வழிகள்தான், பெயர்கள் கொஞ்சம் மாறும்.

## வழி 1: ஸ்லீப் போட்டு எழுதுவது

சார்ட் செய்யும் ஃபங்ஷனை `async` ஆக்கி, ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தூங்கச் சொல்வது.

```js
const sleep = ms => new Promise(r => setTimeout(r, ms));

async function bubble(a) {
  for (let end = a.length - 1; end > 0; end--) {
    for (let j = 0; j < end; j++) {
      comps++;
      draw(a, j, j + 1);
      await sleep(50);
      if (a[j] > a[j + 1]) swap(a, j, j + 1);
    }
  }
}
```

படிக்க எளிது. பாடப்புத்தகத்து பபிள் சார்ட் அப்படியே தெரிகிறது, நடுவில் இரண்டு மூன்று வரிதான் கூடுதல். ஒரு மணி நேரத்தில் திரையில் பட்டைகள் ஆட ஆரம்பித்துவிடும், அந்த சந்தோஷத்துக்காகவே நிறையப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன்.

செலவு பின்னால் வருகிறது. முதலாவது, "மறுபடி தொடங்கு" பட்டன். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை அழுத்தினால் பழைய சார்ட் சாகாது. தூங்கிக்கொண்டிருந்த அது 50 மில்லிசெகண்டில் எழுந்து அதே அர்ரேயில் தன் வேலையைத் தொடரும், புதியதும் அதே அர்ரேயில் ஓடும். ஆனித் தேரோட்டத்தில் ஒரே தேருக்கு முன்பக்கம் ஒரு கூட்டம், பின்பக்கம் ஒரு கூட்டம் வடம் பிடித்த மாதிரி. எண்ணிக்கை தாறுமாறாக ஏறும். இடமாற்றத்துக்கு நடுவிலேயே ஒரு `await` வைத்திருந்தால் இன்னும் மோசம், ஒரே உயரத்தில் இரண்டு பட்டைகள் முளைத்து வேறொன்று காணாமல் போயிருக்கும். திரையில் அப்படித் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எண் கொடுத்து, தூக்கத்திலிருந்து எழுந்ததும் "நான்தான் இப்போதைய ஓட்டமா?" என்று சோதித்து, இல்லையென்றால் வெளியேறச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையை ஒவ்வொரு `await`க்குப் பிறகும் போட ஆரம்பித்தால் நிரலின் எளிமை போய்விடும்.

இரண்டாவது, மெர்ஜ், குயிக் என்று தன்னைத்தானே அழைக்கும் முறைகளுக்குப் போகும்போது உள் அழைப்புக்கு முன்னால் `await` போட மறந்தால் இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் ஓடும். குயிக் சார்ட்டில் சில நேரம் முடிவுகூடச் சரியாக வந்துவிடும், அதனால் தப்பு வெளியே தெரியாது. ஆனால் அனிமேஷனில் இரண்டு இடத்தில் ஒரே சமயம் நிறம் மாறும். மெர்ஜில் இரண்டு பாதியும் முடியும் முன்னே இணைக்கத் தொடங்கிவிடும், வரிசை கலைந்து நிற்கும்.

மூன்றாவது, நேரம். `setTimeout` உள்ளுக்குள் உள்ளாக ஓடும்போது பிரௌசர் 4 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்க விடாது. வேகப் பட்டையை 1-க்குக் கொண்டுபோனாலும் 4-தான். 50 எண்களுக்கு பபிள் சார்ட்டில் 1,225 ஒப்பீடு. ஒரு செகண்டில் முடிய வேண்டியது ஐந்து செகண்ட் எடுக்கும். வேறு டேபுக்குப் போய்விட்டால் பிரௌசர் அதை ஏறக்குறைய செகண்டுக்கு ஒன்றாக இறக்கிவிடும், அப்போது அதே 1,225 ஒப்பீட்டுக்குக் குறைந்தது 20 நிமிடம். "சார், டேப் மாத்தினா நிக்குது" என்று வரும் புகார் இதுதான்.

பின்னால் போவது? முடியாது. இந்த வழியில் ஒரு படி பின்னால் என்ற பேச்சுக்கே இடமில்லை.

## வழி 2: ஜெனரேட்டர்

இங்கே சார்ட் தானாக ஓடாது. வெளியிலிருந்து "அடுத்த படி" என்று கேட்கும்போது மட்டும் ஒரு படி நகர்ந்து, என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்கும்.

```js
function* insertion(a) {
  for (let i = 1; i < a.length; i++) {
    for (let j = i; j > 0; j--) {
      yield ["c", j - 1, j];
      if (a[j - 1] <= a[j]) break;
      [a[j - 1], a[j]] = [a[j], a[j - 1]];
      yield ["s", j - 1, j];
    }
  }
}
```

`"c"` ஒப்பீடு, `"s"` இடமாற்றம். எண்ணுவது, வரைவது, நேரம் பார்ப்பது எல்லாம் வெளியே, ஓட்டுகிற பகுதியில். நிறுத்த வேண்டுமா, அடுத்த படியைக் கேட்காமல் இருந்தால் போதும். மறுபடி தொடங்க வேண்டுமா, பழைய ஜெனரேட்டரைத் தூக்கிப்போட்டுப் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்காததால் பழையது அசையவே அசையாது. முதல் வழியின் தலைவலியில் பாதி இங்கே இல்லை. `requestAnimationFrame`-ஐ வைத்து ஓட்டினால் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு படியோ இருபது படியோ எடுத்துக்கொள்ளலாம், 4 மில்லிசெகண்ட் தடையும் இல்லை.

மேலே உள்ள நிரலில் தோற்ற ஒப்பீடும் எண்ணப்படுகிறது, கவனித்தீர்களா? `yield` நிபந்தனைக்கு முன்னால் நிற்கிறது, `j > 0` தனியாக `for`-இல் இருக்கிறது. இதை ஓட்டினால் 9-ம் 7-ம் சரியாக வரும். ஆனால் அது நீங்கள் கவனமாக எழுதியதால் வருவது. `yield`-ஐ `if`-க்குக் கீழே தள்ளிவைத்தால் மறுபடி 7 ஒப்பீடுதான். ஜெனரேட்டர் உங்களை அந்தக் குழியிலிருந்து காப்பாற்றாது.

இதன் தனிப்பட்ட குழி `yield*`. குயிக் சார்ட்டுக்குள் மறுபடி குயிக் சார்ட்டை அழைக்கும்போது வெறுமனே `quick(a, lo, p - 1)` என்று எழுதினால் ஒரு ஜெனரேட்டர் உருவாகும், யாரும் அதை ஓட்ட மாட்டார்கள், பிழைச் செய்தியும் வராது. முதல் பிரிப்பு நடந்து பைவட் தன் இடத்துக்குப் போனதோடு அனிமேஷன் முடிந்துவிடும். பட்டைகள் பாதி அடுக்கியபடி நிற்கிறது, கன்சோல் சுத்தமாக இருக்கிறது என்றால் நட்சத்திரக் குறி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பின்னால் போவது இதிலும் நேரடியாக முடியாது. ஜெனரேட்டர் முன்னால் மட்டும்தான் நடக்கும். முதலிலிருந்து தொடங்கி ஒரு படி குறைவாக ஓட்டி நிறுத்தலாம், சின்ன அர்ரேக்கு அது போதும்.

## வழி 3: முதலில் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு காட்டுவது

நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வது இது. சார்ட்டை ஒரே மூச்சில், எந்தத் தூக்கமும் இல்லாமல் ஓட்டிவிட வேண்டும். நடந்ததெல்லாம் ஒரு பதிவேட்டில் ஏறும். திரையில் காட்டுவது அந்தப் பதிவேட்டைப் படிக்கும் தனி வேலை.

```js
function makeTracer(a) {
  const log = [];
  return {
    log,
    less(i, j) { log.push(["c", i, j]); return a[i] < a[j]; },
    swap(i, j) {
      log.push(["s", i, j]);
      [a[i], a[j]] = [a[j], a[i]];
    }
  };
}
```

விஷயம் `less`-இல் இருக்கிறது. சார்ட் எழுதுகிறவர் இரண்டு எண்களை ஒப்பிட வேண்டுமென்றால் `t.less(j, j - 1)` என்று கேட்டே ஆக வேண்டும், கேட்ட மாத்திரத்தில் பதிவாகிவிடும். ஜெயித்ததோ தோற்றதோ, `while` வரியில் நடந்ததோ உள்ளே நடந்ததோ, ஒன்றும் தப்பாது. `while (j > 0 && t.less(j, j - 1))` என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதலாம். `j > 0` பொய்யானால் `less` அழைக்கப்படவே மாட்டாது, அதனால் இல்லாத ஒப்பீடும் ஏறாது. 7, 11 தொல்லை இங்கே பிறக்கவே வழியில்லை. மூன்று முறைக்கும் ஒரே இடத்தில்தான் எண்ணுகிறோம் என்பதால் ஒன்றை மற்றதோடு ஒப்பிடவும் நியாயம் இருக்கிறது.

பின்னால் போவது இதில் ஒரு வரி வேலை. ஒரு இடமாற்றத்தை இன்னொரு தடவை செய்தால் பழைய நிலை வந்துவிடும், ஒப்பீட்டுக்கு எதையும் திருப்ப வேண்டியதில்லை. மெர்ஜ் சார்ட்டில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: அங்கே இடமாற்றம் இல்லை, ஒரு இடத்தில் புது எண் எழுதப்படுகிறது, பழையது அழிந்துவிடும். அதனால் அங்கே `["w", i, பழையது, புதியது]` என்று இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒப்பீடும் தற்காலிக அர்ரேக்குள் நடப்பதால் `less`-க்கு ஒரு தனி வடிவம் வேண்டியிருக்கும்.

இதன் மறைந்த செலவு நினைவகம், அதுவும் தப்பாகப் பதிவுசெய்தால் மட்டும். ஒவ்வொரு படியிலும் முழு அர்ரேயையும் நகலெடுத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 50 எண்களுக்கு அது ஒன்றும் செய்யாது. தலைகீழாக நிற்கும் 500 எண்களுக்கு பபிள் சார்ட்டில் 1,24,750 ஒப்பீடும் அதே அளவு இடமாற்றமும். ஒவ்வொன்றுக்கும் 500 எண் நகலென்றால் 12 கோடிக்கு மேல். எண்ணுக்கு 4 பைட் வைத்தாலே 500 எம்பி பக்கம் போகும், லேப் கணினி திணறிவிடும். என்ன நடந்தது என்று மட்டும் குறித்தால் அதே வேலைக்குச் சுமார் இரண்டரை லட்சம் சின்னப் பதிவுகளோடு முடிந்துவிடும்.

நகலெடுக்கிறேன் என்று `log.push(a)` எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று காத்திருக்கிறது. அது நகல் இல்லை, அதே அர்ரே. ஓட்டிப் பார்த்தால் முதல் ஃப்ரேமிலிருந்தே எல்லாம் அடுக்கி முடிந்து நிற்கும்.

இன்னொரு குறையும் உண்டு, ஓடும்போது நடுவில் எண்ணை மாற்ற முடியாது. எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, நாம் பார்ப்பது பதிவு. புதிதாகப் படிப்பவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது.

## ஒரே பார்வையில்

| | ஸ்லீப் | ஜெனரேட்டர் | பதிவேடு |
|---|---|---|---|
| எண்ணிக்கை நம்பகம் | `++` எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது | `yield` எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது | `less` பார்த்துக்கொள்ளும் |
| நிறுத்துவது | தனி ஏற்பாடு வேண்டும் | சும்மா இருந்தால் போதும் | சும்மா இருந்தால் போதும் |
| ஒரு படி பின்னால் | முடியாது | முதலிலிருந்து ஓட்டி | எளிது |
| பாடப்புத்தகச் சாயல் | நன்று | நன்று | மிக நன்று |
| பிழை தெரியும் விதம் | இரட்டைப் பட்டை, எகிறும் எண் | பாதியில் நிற்கும் | முதலிலேயே அடுக்கி நிற்கும் |

## திரையில் ஜெயிப்பது யார்?

மூன்று முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பந்தயம் காட்ட எல்லாருக்கும் ஆசை. செய்யுங்கள், ஆனால் ஒரு ஃப்ரேமுக்கு என்ன விலை என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்கு மட்டும் ஒரு ஃப்ரேம் என்றால் நம் ஐந்து எண்ணில் பபிள் 10, இன்செர்ஷன் 9, செலக்ஷன் 10. இன்செர்ஷன் முந்துகிறது. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஃப்ரேம் என்றால் 17, 16, 13. இப்போது செலக்ஷன் ஜெயித்துவிட்டது! அல்காரிதம் எதுவும் மாறவில்லை, நாம் எதற்குக் காசு வாங்குகிறோம் என்பதுதான் மாறியது. அதனால் ஒப்பீட்டையும் இடமாற்றத்தையும் கூட்டி "மொத்தப் படிகள்" என்று ஒரே எண்ணாகக் காட்டுவதை நான் விரும்புவதில்லை, இரண்டையும் தனித்தனியாகவே விடுங்கள்.

மெர்ஜ் சார்ட்டைக் காட்ட ஐந்து எண் போதாது, வித்தியாசமே தெரியாது. 50 எண் வையுங்கள். பபிள் 1,225 வரை போகும் இடத்தில் மெர்ஜ் எவ்வளவு மோசமான வரிசையிலும் 237 ஒப்பீட்டைத் தாண்டாது; ஒப்பீட்டுக்கு 50 மில்லிசெகண்ட் என்றால் ஒரு நிமிடத்துக்கு எதிராக 12 செகண்ட். ஆனால் மெர்ஜ் எழுதும் எழுத்துகள் சுமார் 300-ஐயும் பக்கத்தில் காட்டாவிட்டால் அதற்குச் சலுகை கொடுத்த மாதிரி ஆகிவிடும். குயிக் சார்ட்டில் முதல் எண்ணையே பைவட்டாக எடுக்கிறீர்கள் என்றால், ஏற்கெனவே அடுக்கிய 50 எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்: அதே 1,225. வகுப்பில் இதைக் காட்டினால் "குயிக்" என்ற பெயரை யாரும் கண்மூடி நம்ப மாட்டார்கள்.

## யாருக்கு எது

நாளை மறுநாள் டெமோ, பபிள் சார்ட் ஒன்று மட்டும், பட்டன் "தொடங்கு" மட்டும் என்றால் ஸ்லீப். ஓடும்போது பட்டனை முடக்கிவைத்துவிடுங்கள், பெரும்பாலான தலைவலி வராது.

ஜெனரேட்டர் என்ற விஷயத்தையே கற்றுக்கொள்ள ஆசையா, அல்லது பெரிய அர்ரேயை நினைவகம் பற்றிக் கவலையில்லாமல் ஓட்ட வேண்டுமா, இரண்டாம் வழி. பைத்தானில் எழுதுகிறவர்களுக்கும் இதுதான் கைக்கு வசமாக இருக்கும். அங்கே `yield from` என்று வரும்.

எண்ணிக்கைதான் ப்ராஜெக்டின் உயிர், மூன்று நான்கு முறைகளை ஒப்பிட வேண்டும், முன்னும் பின்னும் நகர்த்தி விளக்க வேண்டும் என்றால் பதிவேடு. வகுப்பில் நடத்துகிற ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன்.

எதை எடுத்தாலும் வண்ணம் பூசுவதற்கு முன்னால் இந்தச் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். 5, 2, 4, 1, 3 கொடுத்தால் பபிள் 10-7, இன்செர்ஷன் 9-7, செலக்ஷன் 10-3. ஏற்கெனவே அடுக்கிய 1, 2, 3, 4, 5 கொடுத்தால் இன்செர்ஷன் 4-0, செலக்ஷன் 10-0. பபிளில் "இந்தச் சுற்றில் மாற்றமே இல்லை, நிறுத்து" என்ற கொடி வைத்திருந்தால் 4-0, இல்லையென்றால் 10-0. தலைகீழாக 5, 4, 3, 2, 1 கொடுத்தால் பபிளும் இன்செர்ஷனும் 10-10, செலக்ஷன் 10-2. செலக்ஷனில் இடமாற்றம் மூன்று சோதனையிலும் 4 என்று வந்தால், தன்னோடு தானே மாறுவதையும் எண்ணுகிறீர்கள். இன்செர்ஷனில் முதல் சோதனைக்கு 7-7 வந்தால் `while`-க்குள் இருக்கும் அந்த `comps++`-ஐப் போய்ப் பாருங்கள்.